இரண்டு வரிகளுக்கு நடுவில்

பெட்டிச் செய்தி எழுதுவது சுலபமான வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். அக்கா ஒருவர் ஹைலண்ட் டவர்ஸ் பற்றி நாலாயிரம் சொற்களில் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். ஆறு மாதம் அலைந்து எழுதியது. பத்திரிகையின் ஆசிரியர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், எனக்கு போன் பண்ணினார்.

"தம்பி, நீ அம்பாங்காரன்தானே? பக்கத்துல ஒரு பெட்டி போடணும். முக்கியத் தகவல், காலவரிசை, நாலஞ்சு சொல்லுக்கு அர்த்தம். இருநூத்தம்பது வார்த்தை. நாளைக்குள்ள கொடுத்துடு."

நாளைக்குள் கொடுக்கவில்லை. பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளில் எனக்குள் நடந்த சண்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைலண்ட் டவர்ஸ் என்பது உலு கிள்ளானில், தாமான் ஹில்வியூவில், குன்றின் அடிவாரத்தில் நின்ற மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றும் 12 மாடி. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை, பகல் சுமார் ஒன்றரை மணிக்கு முதல் கட்டடம் இடிந்து விழுந்தது. அதற்கு முன் பத்து நாள் தொடர் மழை. இறந்தவர்கள் 48 பேர். மற்ற இரண்டு கட்டடங்களும் விழவில்லை. ஆனால் அவற்றில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், திரும்பிப் போய்க் குடியிருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவை காலியாக நின்றன. என் வயதுப் பையன்களுக்கு அது பேய் பார்க்கப் போகிற இடம். நானும் ஃபார்ம் ஃபோர் படிக்கும்போது ஒரு தடவை வேலி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

அக்காவின் கட்டுரை இறந்தவர்களைப் பற்றியது அல்ல. இரண்டாவது கட்டடத்தில் வீடு வாங்கியிருந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. யாரும் சாகவில்லை. வீடும் நின்றது. ஆனால் அதற்குள் போக முடியாது, விற்க முடியாது. வங்கிக் கடன் மட்டும் மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. இடிந்து விழாத ஒரு வீட்டை இழப்பது எப்படிப்பட்டது என்பதை அவர் அழாமல், அழவைக்காமல் எழுதியிருந்தார்.

நான் முதலில் எழுதிய பெட்டியின் முதல் பகுதி இப்படி இருந்தது:

இடம்: தாமான் ஹில்வியூ, உலு கிள்ளான். நாள்: 11 டிசம்பர் 1993. இறந்தவர்கள்: 48. உயர் நீதிமன்றத் தீர்ப்பு: 2000. நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு: 15 விழுக்காடு.

ஐந்து தகவல். ஐந்தும் சரி. ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் சரிபார்த்திருந்தேன். பெருமையாகவே இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் சித்தி மகளிடம் காட்டினேன். அவளுக்கு வயது பத்தொன்பது, அந்த விபத்து நடந்தபோது பிறக்கவே இல்லை. கட்டுரையைக் கொடுக்கவில்லை, பெட்டியை மட்டும் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணா, அப்ப அந்த நாப்பத்தெட்டுப் பேர் செத்ததுல முனிசிபலுக்குப் பதினஞ்சு பெர்சென்ட் பங்குன்னு கோர்ட்டே சொல்லிடுச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அப்படி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் இரண்டாவது, மூன்றாவது கட்டடங்களில் வீடு வைத்திருந்தவர்களும் குடியிருந்தவர்களும். மொத்தம் 73 பேர். அவர்கள் கேட்டது உயிர்களுக்கான இழப்பீடு அல்ல. நின்றுகொண்டிருந்தும் பயன்படாமல் போன தங்கள் வீடுகளுக்கான இழப்பீடு. 2000 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த இழப்புக்கான பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. கட்டிய நிறுவனத்துக்கு 15 விழுக்காடு. கட்டட வரைவாளருக்கும் பொறியாளருக்கும் ஆளுக்குப் பத்து. பின்னாலிருந்த நிலத்தின் சொந்தக்காரரான நிதி நிறுவனத்துக்கு 30, அதுதான் பெரிய பங்கு. அதற்கும் மேலே மலையைத் திருத்திக்கொண்டிருந்த தரப்புக்கு 20. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15. கூட்டிப் பார்த்தால் நூறு வரும். ஆனால் அது எதனுடைய நூறு? விழாத கட்டடங்களின் நூறு. 48 பேர் இந்தக் கணக்குக்குள் இல்லவே இல்லை.

என் பெட்டியில் "48" ஒரு வரி. "15 விழுக்காடு" இன்னொரு வரி. இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்ததும் இரண்டுக்கும் நடுவில், யாரும் எழுதாத மூன்றாவது வரி ஒன்று தானாக முளைத்துவிட்டது. சித்தி மகள் வாசித்தது அந்த வரியைத்தான்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. அந்த மூன்றாவது வரி பொய். அதை எழுதியது யார்? நான் எழுதவில்லை என்று சொல்லலாம். அவள் தப்பாக வாசித்தாள் என்றும் சொல்லலாம். ஆனால் அவள் தப்பாக வாசிக்கவில்லை. பெட்டியை எப்படி வாசிக்க வேண்டுமோ அப்படித்தான் வாசித்தாள். கட்டுரையில் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே "ஆனால்", "அதனால்", "அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்றெல்லாம் எழுத இடம் இருக்கிறது. பெட்டியில் அந்தச் சொற்களைத்தான் முதலில் வெட்டுகிறோம். வெட்டிய இடத்தை வாசகர் தன் சொந்தச் சொல்லால் நிரப்பிக்கொள்கிறார். பெரும்பாலும் "அதனால்" என்ற சொல்லால்.

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "டேய், பெட்டி என்ன கோர்ட்டா? வாசிக்கிறவன் உள்ள வர்றதுக்கு ஒரு வாசல். அவ்வளவுதான். எல்லாத்தையும் விளக்கினா அது இன்னொரு கட்டுரை ஆயிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாசல் என்பதால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நானே அப்படித்தான். நீண்ட கட்டுரை என்றால் முதலில் பெட்டியைப் பார்ப்பேன், சில நாள் அதோடு சரி. பிறகு எங்காவது பேசும்போது கட்டுரையை வாசித்தவன் மாதிரியே பேசுவேன். தவிர, கட்டுரைக்கு மேல் அக்காவின் பெயர் இருக்கிறது. தப்பு என்றால் அவரைக் கேட்கலாம். பெட்டிக்கு மேல் யார் பெயரும் இல்லை. பெயர் இல்லாததால்தான் அதை நம்புகிறோம். யாரோ ஒருவர் சொன்னது என்ற எண்ணமே வருவதில்லை, உலகமே சொல்வது போல இருக்கிறது.

சங்கப் பாடல்களின் கீழே வரும் குறிப்புகள் நினைவுக்கு வந்தன. புறநானூற்றில் பாட்டுக்குக் கீழே யாரை யார் பாடியது, எந்தச் சூழலில் பாடியது என்று ஒரு வரி இருக்கும். அகப்பாட்டு என்றால் தலைவி சொன்னதா தோழி சொன்னதா என்று ஒரு கூற்று. பாடிய புலவர் எழுதியது அல்ல அது, பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது. ஆனாலும் அந்த வரியை நீக்கிவிட்டுப் பாட்டை வாசிக்க நம்மால் முடிகிறதா? கல்லூரியில் ஒரு தடவை முயன்று பார்த்திருக்கிறேன். தோழி கூற்று என்று தெரிந்த பிறகு அது தோழியின் குரலாகவே கேட்கிறது, வேறு குரலில் கேட்க மறுக்கிறது. நம்முடைய பழைய பெட்டிச் செய்தி அதுதான். எழுதியவர் பெயர் அதற்கும் இல்லை.

சரி, வரியைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த சிக்கல் காலவரிசையில் வந்தது.

காலவரிசை நியாயமானது என்று ஒரு நம்பிக்கை நமக்கு இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறோம், அதில் என்ன சூது இருக்க முடியும்? ஆனால் எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்ற இரண்டு முடிவையும் எழுதுகிறவன்தான் எடுக்கிறான். அந்த இரண்டையும் எடுத்த கையோடு யார் குற்றவாளி என்பதும் முடிவாகிவிடுகிறது.

என் முதல் வரைவு டிசம்பர் மாத மழையில் ஆரம்பித்தது. மழை, சரிவு, இடிவு, மீட்பு. வாசித்தால் அது ஓர் இயற்கைப் பேரிடர். கெட்ட நேரம். யார் மேலும் கோபம் வராது.

இரண்டாவது வரைவை 1991-இலிருந்து ஆரம்பித்தேன். அந்த வாக்கில் மேலே புக்கிட் அந்தாராபங்சா பக்கம் மலையை வெட்டிக் காட்டை அழித்து வேலை தொடங்கியிருந்தது. மரம் போனால் மழைநீர் மண்ணுக்கு மேலேயே ஓடி வரும், மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். இப்படி ஆரம்பித்தால் குற்றவாளி மேலே இருக்கிறார்.

மூன்றாவதை 1970-களின் நடுவில், கட்டடம் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்த நிலத்தின் பின்னால் ஒரு சிற்றோடை இருந்தது. அதைக் குழாய்க்குள் திருப்பிச் சரிவின் குறுக்கே கொண்டுபோனார்கள். சரிவில் கருங்கல் சுவர்கள் எழுப்பினார்கள். கட்டடத்தின் அடித்தூண்களாக மண்ணுக்குள் இறக்கியது தண்டவாள இரும்பு. நேராக மேலிருந்து வரும் பாரத்தை அது தாங்கும். பக்கவாட்டில் மண் தள்ளினால் வளைந்துவிடும். இப்படி ஆரம்பித்தால் குற்றவாளி கீழேயே, கட்டியவர்களிடையே இருக்கிறார்.

இந்த மூன்றாவது வரைவில் நான் ஒரு தப்பும் பண்ணினேன். "கட்டடத் திட்டத்துக்கு நகராண்மைக் கழகம் அனுமதி" என்று ஒரு வரி போட்டிருந்தேன். எழுபதுகளில் அனுமதி யாரோ கொடுத்திருப்பார்கள், உள்ளாட்சிதானே கொடுக்கும் என்று கை தானாக எழுதியது. பிறகு பார்த்தால் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் உருவானதே 1992-இல். இன்றைக்கு இருக்கும் பெயரை நேற்றைக்குப் பொருத்துவது காலவரிசை எழுதுகிறவர்கள் வழக்கமாக விழும் குழி. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரியிலும் இருக்கும் பெயரைத் தனியே எடுத்து, "இந்த ஆண்டில் இப்படி ஒன்று இருந்ததா?" என்று கேட்க வேண்டும். வரி சரியா என்று கேட்டால் அகப்படாது. பெயர் இருந்ததா என்று கேட்டால் அகப்படும்.

முடிவும் அப்படித்தான். 2000-இல் நிறுத்தினால் நீதி கிடைத்த கதை. 2006 பிப்ரவரிவரை கொண்டுபோனால் வேறு கதை. அந்த மாதம் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவைக் காட்டி, கட்டடம் இடிவதற்கு முந்தைய செயல்களுக்காக நகராண்மைக் கழகத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்றது. மற்றக் கோரிக்கையும் நிற்கவில்லை. அந்த 15 விழுக்காடு போயிற்று. இன்னும் நீட்டி 2002 நவம்பர் 20-ஐச் சேர்த்தால், அதே தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா மேல் மண் சரிந்து எட்டுப் பேர் இறந்தது வரும். 2008 டிசம்பர் 6-ஐச் சேர்த்தால் புக்கிட் அந்தாராபங்சா சரிவும் வரும். அப்போது கதாநாயகன் கட்டடமும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. மலை. அல்லது மலையை விட்டுவைக்காத நாம். சிறப்பு மீட்புக் குழுவான ஸ்மார்ட் இந்த விபத்துக்குப் பிறகு அமைக்கப்பட்டது. அதைக் கடைசி வரியாக வைத்தால் எல்லாரும் பாடம் கற்றுக்கொண்ட கதை. அண்ணனுக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. "ஒரு நம்பிக்கை இருக்கட்டுமே தம்பி." எனக்குப் பிடிக்கவில்லை. 48 பேரை ஒரு மீட்புக் குழுவின் முன்னுரையாக்குவது மாதிரி இருந்தது.

அப்படியென்றால் எது சரியான ஆரம்பம்? இரண்டு நாள் யோசித்தேன். எல்லா ஆரம்பத்துக்கும் பின்னால் இன்னொரு ஆரம்பம் இருக்கும். அம்பாங்கில் ஈயம் தோண்டப் போன 1857 வரைக்கும்கூடப் போகலாம். அதனால் எல்லாமே ஒன்றுதான் என்று கையை உதறிவிடலாமா? முடியாது என்று தோன்றியது. பெட்டி தனியாக நிற்பதில்லை, ஒரு கட்டுரையின் பக்கத்தில் நிற்கிறது. அந்தக் கட்டுரை எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ, அதற்கான காரணங்கள் எதுவரை பின்னால் போகின்றனவோ, அதுவரை பெட்டி போக வேண்டும். அக்காவின் கேள்வி: இவர்களுடைய வீடு ஏன் போயிற்று, யார் பதில் சொன்னார்கள்? அதற்கு மழையில் ஆரம்பிப்பது பொய். வழக்கில் விவாதிக்கப்பட்ட காரணங்கள் எழுபதுகளின் ஓடையிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே ஓடை. முடிவு 2006, ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் விலகியது அன்றைக்குத்தான். 2002-ஐயும் 2008-ஐயும் மனசில்லாமல்தான் விட்டேன். அவை வேறு கேள்விக்கான பதில். இன்றைக்கும் அந்த முடிவு சரியா என்று தெரியாது.

இதற்கு நடுவில் வினைச்சொல் ஒரு தொந்தரவு கொடுத்தது. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான். தேர்வுக்குப் பிறகு அதை யார் நினைக்கிறார்கள்? பெட்டி எழுதும்போது நினைக்க வேண்டியிருக்கிறது. மண் சரிந்தது. காடு அழிந்தது. ஓடை திரும்பியது. சுவர் உடைந்தது. எல்லாமே சின்னச் சின்ன வாக்கியம், பெட்டிக்குக் கச்சிதம். யாரும் எதையும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்திருக்கிறது. "காட்டை அழித்தார்கள்" என்றால் யார் என்று கேள்வி வரும், யார் என்று எழுதினால் இரண்டு சொல் கூடும். இடம் போதவில்லை என்ற காரணத்துக்காகவே ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள். "அழிக்கப்பட்டது" என்பது நடுவில் நிற்கும் தந்திரம். யாரோ செய்தார்கள் என்று ஒத்துக்கொள்ளும், யார் என்று சொல்லாது.

அதற்காக எல்லாவற்றையும் பிறவினை ஆக்கிவிட முடியாது. கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை, அது இடிந்ததுதான். மண்ணையும் யாரும் சரிக்கவில்லை. ஆனால் ஓடையை ஒருவர் திருப்பினார். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு மனிதர் அந்த நாளில் முடிவெடுத்துச் செய்த காரியத்துக்குப் பிறவினை, ஆளோடு. மற்றதற்குத் தன்வினை. இந்த விதியைப் போட்டு வரைவை மறுபடி வாசித்தபோது ஏழு வரியில் நாலு வரி மாறியது. மாறிய நாலிலும் எனக்கு யார் என்று தெரியாத இடம் ஒன்று இருந்தது. அந்த வரியைத் தூக்கிவிட்டேன். யார் செய்தது என்று தெரியாமல்தான் தன்வினையில் ஒளிந்திருந்தேன் என்று அப்போது புரிந்தது.

கடைசியாகச் சொல் விளக்கம். பாடநூலில் அருஞ்சொற்பொருள் என்று வருமே, அதன் தம்பி. இதில் நாம் செய்யும் வழக்கமான தப்பு, தெரியாத சொல்லுக்கெல்லாம் அர்த்தம் போடுவது. தாங்குசுவர்: மண்ணைத் தாங்கும் சுவர். இப்படி எழுதினால் வாசகருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் சொல் இந்தக் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். தண்ணீர் வெளியேற வழி இருக்கும்வரைதான் சுவர் நிற்கும். இது தெரிந்தால், ஓடையைக் குழாய்க்குள் விட்டது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது கட்டுரையில் யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

சட்டச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது. அவை தெரியாத சொற்கள் அல்ல, தெரிந்தது போல இருக்கும் சொற்கள். "கவனக்குறைவு" என்றால் வீட்டில் அம்மா அடுப்பை அணைக்க மறந்தது. நீதிமன்றத்தில் அது அப்படி அல்ல. ஒருவருக்கு இன்னொருவர்மேல் கவனம் எடுக்கும் கடமை இருந்தது, அதை மீறினார், அந்த மீறலால் இழப்பு வந்தது என்று மூன்றையும் காட்ட வேண்டும். 2006 தீர்ப்பைப் பற்றி முதலில் "நகராண்மைக் கழகம் விடுவிக்கப்பட்டது" என்றுதான் எழுதியிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு வட்டம் போட்டார். "விடுவிக்கப்பட்டதுன்னா தப்பே செய்யலைன்னு ஆயிடும்பா. 95(2) அப்படியா சொல்லுது? தப்பு செஞ்சியான்னு கேக்கவே கூடாதுன்னு சொல்லுது." அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. கதவு சாத்தியிருக்கிறது என்பது வேறு, உள்ளே ஒன்றும் இல்லை என்பது வேறு. அதனால் சொல் விளக்கத்தில் "சட்டப் பாதுகாப்பு" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன்.

"அம்பாங்" என்ற சொல்லையும் சேர்த்திருந்தேன். மலாயில் எம்பாங் என்றால் அணை, நீரைத் தடுத்து நிறுத்துவது. ஈயச் சுரங்கக் காலத்துப் பெயர். தண்ணீரை அடக்கத் தெரிந்த ஊர் தண்ணீரால் கட்டடத்தை இழந்தது என்று ஓர் அழகு அதில் இருந்தது. எழுதி முடித்துவிட்டு நானே ரசித்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன். அந்த அழகு நான் செய்தது, மலை செய்தது அல்ல. கட்டுரைக்குள் என் பெயரோடு அதைச் சொல்லலாம், தோசையைத் திருப்புவது மாதிரி வாசகர் அதைத் திருப்பிப் பார்ப்பார். பெட்டிக்குள் வைத்தால் அது ஏதோ விதி மாதிரி நின்றுவிடும்.

அக்காவுக்கு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. கட்டுரையில் 2006 தீர்ப்பு கடைசிப் பக்கத்தில்தான் வரும். அந்தக் குடும்பம் எத்தனையோ வருஷம் காத்திருந்த காத்திருப்பை வாசகரும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று அவர் அப்படிக் கட்டியிருந்தார். பெட்டி பக்கத்திலேயே நின்று அதை முதல் நொடியில் போட்டு உடைத்துவிடும். நியாயமான வருத்தம். பெட்டியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவது என்று பேசி முடித்தோம். அண்ணன் முணுமுணுத்தார். வாசலைக் கொல்லைப்புறத்தில் வைக்கிறீர்கள் என்றார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

அச்சுக்குப் போன பெட்டியில் முதல் பகுதி இப்படி ஆனது:

இடிந்தது: மூன்று கட்டடங்களில் முதலாவது, 11 டிசம்பர் 1993. இறந்தவர்கள் 48 பேர்.

வழக்கு: இடியாத இரண்டு கட்டடங்களின் உரிமையாளர்களும் குடியிருந்தோரும் 73 பேர், தங்கள் வீடுகளின் இழப்புக்காகத் தொடுத்தது. உயிரிழப்புகள் இந்த வழக்கில் இல்லை.

பொறுப்பு: வீடுகளின் இழப்புக்கு 2000-இல் உயர் நீதிமன்றம் நகராண்மைக் கழகத்துக்குப் பிரித்த பங்கு 15 விழுக்காடு. 2006-இல் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பால் அந்தப் பங்கு நீங்கியது.

பழையதைவிட நீளம். அழகும் குறைவு. "உயிரிழப்புகள் இந்த வழக்கில் இல்லை" என்ற வரியை அண்ணன் இரண்டு தடவை வெட்டினார், நான் இரண்டு தடவை திருப்பிப் போட்டேன். கடைசி வரியில் 2000-ஐயும் 2006-ஐயும் ஒரே வரியில் கட்டிப் போட்டதற்குக் காரணம், யாராவது பாதியில் வெட்டி எடுத்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று போகக் கூடாது என்பதுதான்.

சித்தி மகளிடம் மறுபடி காட்டினேன். இந்தத் தடவையும் பெட்டி மட்டும். வாசித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணா, அப்ப அந்த நாப்பத்தெட்டுப் பேருக்கு யார் பதில் சொன்னா?" என்று கேட்டாள்.

அதற்குப் பெட்டியில் வரி இல்லை. அக்காவிடம் கேட்டேன். அவர் அடுத்த கட்டுரைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.